கேம் மோட் போட்ட பிறகும் டிவி தாமதிக்கிறதா? இன்புட் லேக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

"கேம் மோட் போட்டாச்சு. ஆனா இன்னும் நான் அழுத்தி முடிச்ச அப்புறம்தான் ஆள் குதிக்கிறான்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவரிடம் இருந்தது ஒரு பிளேஸ்டேஷன் 5, வெளிச்சத்தையும் இருளையும் அதிக வீச்சில் காட்டும் எச்டிஆர் வசதி உள்ள ஒரு 4கே டிவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சவுண்ட்பார். டிவியின் மெனுவைத் திறந்து காட்டினார். பிக்சர் மோடில் Game என்றே இருந்தது. ஆனால் கண்ட்ரோலரை வாங்கி விளையாடிப் பார்த்தால் தாமதம் கையிலேயே தெரிந்தது. மெனு காட்டியதும் பொய் இல்லை, கை உணர்ந்ததும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தேடிய வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கேம் மோட் போட்டும் சரியாகாத பல வீடுகளில் காரணம் இதுவாகவோ இதற்கு மிக அருகிலோதான் இருக்கும்.

முதலில், இது இன்புட் லேக்தானா?

பட்டனை அழுத்திய கணத்துக்கும் அதன் விளைவு திரையில் தெரியும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான் இன்புட் லேக். இதோடு குழப்பிக்கொள்ளும் வேறு மூன்று கோளாறுகள் உண்டு. அவற்றை முதலிலேயே விலக்கிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

ஆன்லைனில் விளையாடும்போது மட்டும் தொந்தரவு இருந்தால் அது பெரும்பாலும் நெட்வொர்க். அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் ஆள் உடனே நகர்வான். எதிராளிகள்தான் விட்டுவிட்டுத் தாவுவார்கள், அல்லது நீங்கள் சுட்டது தாமதமாகப் பதிவாகும். டிவியின் லேக் அப்படி ஆள் பார்க்காது. ஆஃப்லைன் கேமிலும், கன்சோலின் முகப்பு மெனுவிலும்கூட அது இருக்கும். கேமைக் கன்சோலில் ஓட்டாமல் இணையம் வழியாக ஸ்ட்ரீம் செய்கிறீர்கள் என்றால் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது, ஏனென்றால் அங்கே எல்லா அசைவும் நெட்வொர்க்கைத் தாண்டித்தான் வருகிறது.

இரண்டாவது, சத்தம். படம் கையோடு ஒட்டி நகர்கிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் பின்னால் வருகிறது என்றால் அது ஒலியின் தாமதம். புளூடூத் ஹெட்போனில் இது சர்வசாதாரணம். டிவியின் பட அமைப்புகளைத் தொடுவதால் அது போகாது. சந்தேகமாக இருந்தால் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள். மந்தம் மறைந்துவிட்டால் குற்றவாளி ஒலிதான்.

மூன்றாவது, படம் தடுக்கித் தடுக்கி ஓடுவது. கனமான காட்சிகளில் மட்டும் கை இழுப்பதுபோல் இருந்தால் கன்சோலால் அந்த இடத்தில் ஃபிரேம்களைப் போதிய வேகத்தில் வரைய முடியவில்லை என்று அர்த்தம். டிவியின் லேக் அமைதியான காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் ஒரே அளவில் இருக்கும். அந்த மாறாத்தன்மைதான் அதன் அடையாளம்.

டிவி ஏன் தாமதிக்கிறது?

இது புரிந்துவிட்டால் மெனுவில் எதைத் தொட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

விநாடிக்கு 60 ஃபிரேம் வரும் சிக்னலில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி நீளம். டிவி அந்த ஃபிரேமை மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிசையாக வாங்குகிறது. வாங்கிய வரியை உடனுக்குடன் பேனலுக்கு அனுப்பினால் தாமதம் மிகக் குறைவு. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், வண்ண வெப்பம், காமா போன்றவை இந்த வகை. ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற அந்தப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. போகிற போக்கிலேயே கணக்குப் போட்டு அனுப்பிவிடலாம்.

படத்தை வழவழப்பாக்கும் மோஷன் வசதி அப்படி அல்ல. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செய்து நுழைப்பதுதான் அதன் வேலை. நடுவில் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் முன்னது மட்டும் போதாது, பின்னதும் கையில் இருக்க வேண்டும். ஆகவே அடுத்த ஃபிரேம் வந்து சேரும்வரை டிவி இப்போதைய ஃபிரேமைக் காட்டாமல் பிடித்து வைக்கிறது. எவ்வளவு வேகமான சிப்பைப் போட்டாலும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. இன்னும் வராத ஃபிரேமை யாராலும் படிக்க முடியாது. அதிலும் அசைவை நன்றாகக் கணிக்கப் பல டிவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிரேம்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வசதியும் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டே வேலை செய்வதால் அதற்கும் சேமிப்பு வேண்டும். முழுக் காட்சியையும் பார்த்து வெளிச்சத்தை மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்றவையும் தம் பங்கைச் சேர்க்கலாம்.

சினிமா பார்க்கும்போது இதனால் எந்த நஷ்டமும் இல்லை, டிவி ஒலியையும் அதே அளவு தள்ளிவைத்து ஒத்துப்போகச் செய்துவிடும். விளையாட்டில் மட்டும்தான் உங்கள் விரல் ஏற்கெனவே அழுத்தி முடித்திருக்கிறது.

கேம் மோட் செய்வது இதுதான்: ஃபிரேம்களைச் சேர்த்துவைக்கும் வேலைகளை எல்லாம் வழியிலிருந்து விலக்கிவிடுகிறது. இன்றைய டிவிகளில் பல, கேம் மோடில் 60 ஹெர்ட்ஸ் சிக்னலுக்கு 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் நிற்கின்றன. அதே டிவி சினிமா மோடில் 50 முதல் 100 மில்லி விநாடிக்கு மேலும் போகலாம். 10-க்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். திரையின் நடுப்பகுதியை வரையும் நேரத்தில் ஃபிரேமின் பாதி, அதாவது சுமார் 8 மில்லி விநாடி, எப்படியும் கடந்திருக்கும்.

அளந்து பாருங்கள்: போன் ஒன்று போதும்

"கொஞ்சம் பரவாயில்லபோல இருக்கு" என்ற உணர்வை நம்பி அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மாற்றியதுமே கை அதற்கேற்பப் பழகத் தொடங்கிவிடும்; நம் மனசும் நல்ல செய்தியை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இன்று நிறைய போன்களில் உண்டு. அதில் ஒரு ஃபிரேம் 4.17 மில்லி விநாடி. நமக்கு இந்த நுணுக்கம் தாராளம். 960 போன்ற பெரிய எண்கள் உள்ள மோடைத் தவிர்த்துவிடுங்கள். சில போன்கள் அங்கே நடு ஃபிரேம்களைக் கற்பனையாக உண்டாக்கி நிரப்புகின்றன.

அளக்கும் முறை இது.

1. ஆஃப்லைனில் ஓடும் ஒரு கேமை எடுங்கள். அழுத்தியதுமே உடல் பெரிதாக மாறும் ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். நின்ற இடத்தில் குதிப்பது வசதியானது. ஆனால் சில கேம்களில் குதிப்பதற்கு முன் ஆள் குனிவான். அப்படியென்றால் குனியத் தொடங்கும் கணத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.
2. கட்டைவிரலும் பட்டனும் டிவித் திரையும் ஒரே சட்டத்தில் தெளிவாகத் தெரியும்படி போனை அசையாமல் நிறுத்துங்கள். விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டே மெதுவாக அமுக்காதீர்கள். மேலிருந்து தட்டுங்கள், அப்போதுதான் பட்டன் தாழும் கணம் படத்தில் தெரியும்.
3. ஒரே வீடியோவில் பத்து முறை தட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரிரு விநாடி விட்டு.
4. வீடியோவைக் கணினிக்கு மாற்றி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். விஎல்சி பிளேயரில் E விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் நகரும். பட்டன் அடித்தளம் தொட்ட ஃபிரேமிலிருந்து, ஆள் முதன்முதலாக அசைந்த ஃபிரேம்வரை எண்ணுங்கள்.
5. பத்தின் சராசரியை எடுத்து 4.17-ஆல் பெருக்குங்கள்.

பத்து முறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது திரை மாறுவதே போனின் நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறைதான். நீங்கள் அழுத்தும் கணம் கேமின் ஃபிரேம் சுழற்சியில் எந்த இடத்தில் விழும் என்பதும் தற்செயல். ஆகவே ஒரு தட்டுக்கு 36, அடுத்ததற்கு 41 என்று வருவது இயல்பு. சராசரிகளை ஒப்பிடும்போதும் 2 ஃபிரேமுக்கு உட்பட்ட வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதில் ஒன்றை மனதில் வையுங்கள். கிடைக்கும் எண் டிவியின் லேக் அல்ல. கண்ட்ரோலர், கன்சோல், கேம், நடுவில் உள்ள கருவி, டிவி எல்லாம் சேர்ந்த மொத்தம். நல்ல டிவியில்கூட 60 ஃபிரேம் கேம் ஒன்றுக்கு மொத்தம் 60 முதல் 100 மில்லி விநாடிவரை வரலாம். மொத்தத்தைப் பார்த்து யார் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே கேம், ஒரே இடம், ஒரே செயல் வைத்துக்கொண்டு ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி மறுபடி அளந்தால், கூடியதோ குறைந்ததோ அந்த அமைப்பின் கணக்கு. இந்த வழிகாட்டி முழுக்க இந்தக் கழித்தலை நம்பித்தான் நடக்கிறது.

நண்பரின் டிவியில் நடந்தது

அவர் கேமில் முதல் சராசரி 58 ஃபிரேம், அதாவது 242 மில்லி விநாடி. கால் விநாடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் குறைப்பட்டதில் தப்பே இல்லை.

டிவி மெனுவில் Game என்று இருந்ததால் முதலில் டிவியை விட்டுவிட்டுக் கன்சோல் பக்கம் போகத்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அவர் மெனுவைத் திறந்து காட்டியபோது திரையில் இருந்தது பிளேஸ்டேஷனின் முகப்பு. கேமை இன்னும் தொடங்கவில்லை. பிறகு கேமைத் தொடங்கியபோது திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. கன்சோல் சாதாரண சிக்னலை விட்டு எச்டிஆர் சிக்னலுக்குத் தாவுகிறது என்பதற்கான அடையாளம் அது. அவருடைய கன்சோலில் எச்டிஆர் அமைப்பு On When Supported என்று இருந்தது. அதாவது எச்டிஆர் உள்ள கேமுக்கு மட்டும் எச்டிஆர்.

பல டிவிகள் சாதாரண சிக்னலுக்கு ஒரு பிக்சர் மோட், எச்டிஆர் சிக்னலுக்கு இன்னொன்று, டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகைக்கு வேறொன்று என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குப் போகாது. போதாததற்கு, ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் இந்த நினைவு தனி.

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறக்கச் சொன்னேன். இப்போது பிக்சர் மோட் சினிமாவில் நின்றது. பக்கத்தில் எச்டிஆர் அடையாளம். மோஷன் வசதியும் உயிரோடு இருந்தது. அவர் முகப்பில் போட்ட கேம் மோட் முகப்புக்கு மட்டும்தான் சேவை செய்துகொண்டிருந்தது.

இதை எண்ணாலும் உறுதி செய்துகொண்டோம். கன்சோலில் Settings > Screen and Video > Video Output பக்கத்தில் HDR என்பதை Off செய்து, கேமை மூடித் திறந்து அளந்தால் 38 ஃபிரேம், 158 மில்லி விநாடி. வேறெதையும் தொடவில்லை. 20 ஃபிரேம், அதாவது சுமார் 83 மில்லி விநாடி, எச்டிஆரை விட்டதும் போய்விட்டது. எச்டிஆர்தான் மெதுவானது என்று இங்கே முடிவு செய்துவிடக் கூடாது. மறுபடி எச்டிஆரைப் போட்டு, கேம் ஓடும்போதே டிவியின் மெனுவில் கேம் மோடைத் தேர்ந்தெடுத்து அளந்தோம்: 39 ஃபிரேம். எச்டிஆரால் நஷ்டம் இல்லை. அதற்கென்று ஒதுங்கியிருந்த சினிமா மோடால்தான் நஷ்டம்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதுவே. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் டிவி மெனுவைத் திறந்து பாருங்கள். எச்டிஆர் உள்ள கேம் ஒன்று, இல்லாத கேம் ஒன்று, இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். Settings > General > TV & display options > Video modes பக்கத்தில் டால்பி விஷனைக் கேமுக்கு அனுமதிக்கும் தேர்வு இருக்கிறது. சில டிவிகளில் டால்பி விஷனுக்குக் கேம் மோடே இல்லை, அல்லது இருந்தும் சாதாரண கேம் மோடைவிட மெதுவாக இருக்கும். அந்தத் தேர்வை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். எண் நன்றாகக் குறைந்தால் சாதாரண எச்டிஆரான எச்டிஆர்10-உடனே இருந்துவிடலாம்.

தானாக மாற வேண்டியது ஏன் மாறவில்லை?

இந்தக் கேள்வியை விடக் கூடாது. ஏனென்றால் இந்தத் தொந்தரவு வராமலிருக்கத்தான் ஆட்டோ லோ லேட்டன்சி மோட் என்ற வசதியே இருக்கிறது; கருவிகளின் மெனுவில் ALLM என்று தெரியும். எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்தது. கேம் ஓடுகிறது என்று கன்சோல் கம்பி வழியே டிவிக்கு ஒரு குறிப்பு அனுப்பும். டிவி தானே கேம் மோடுக்கு மாறும், சிக்னல் எச்டிஆரோ இல்லையோ. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எல்லாமே இதை அனுப்பும்.

நண்பரின் டிவிக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் நடுவில் சவுண்ட்பார். கன்சோல் சவுண்ட்பாரில் செருகப்பட்டிருந்தது, சவுண்ட்பாரிலிருந்து டிவிக்கு இன்னொரு கம்பி. அந்தப் பழைய சவுண்ட்பார் படத்தையும் எச்டிஆரையும் ஒழுங்காகக் கடத்தியது, இந்தக் குறிப்பை மட்டும் கடத்தவில்லை. எனவே டிவிக்குக் கேம் என்றே தெரியாது.

தீர்வு, கம்பியை மாற்றிப் போடுவது. கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் டிவியின் eARC அல்லது ARC போர்ட்டிலிருந்து சவுண்ட்பாருக்கு எடுத்துக்கொண்டோம். கேமைத் தொடங்கியதும் டிவியே கேம் மோடுக்குப் போனது. அளவு 38 ஃபிரேம். முன்பு கையால் மாற்றி அளந்த 39-க்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே சவுண்ட்பார் படத்தைத் தாமதப்படுத்தவில்லை, குறிப்பைத்தான் விழுங்கியது என்பதும் தெளிவாயிற்று. ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் இதே சோதனையைச் செய்யலாம். நேராகச் செருகி அளக்கும்போது எண் நன்றாகக் குறைந்தால், ரிசீவர் படத்தைத் தானே பெரிதாக்குகிறதா, அல்லது தன் மெனுவைப் படத்தின்மேல் வரைகிறதா என்று பாருங்கள். அந்த வேலைகளை நிறுத்திவிட்டால் போதும்.

நேராகச் செருகிய பிறகும் தானாக மாறவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கன்சோலில் இந்த வசதி நிறுத்தப்பட்டிருக்கலாம்: பிளேஸ்டேஷன் 5-இல் Video Output பக்கத்தில் ALLM, எக்ஸ்பாக்ஸில் Video modes பக்கத்தில் Allow auto low-latency mode. டிவியில் அந்தப் போர்ட் பழைய சிக்னல் வடிவத்தில் பூட்டப்பட்டிருக்கலாம். சாம்சங் டிவியில் அதை Input Signal Plus என்றும், எல்ஜியில் HDMI Deep Colour என்றும், சோனியில் HDMI signal format என்றும் காண்பீர்கள். மாடலுக்கு மாடல் பக்கம் மாறினாலும் பெயர் பெரும்பாலும் இதுதான்.

கேம் மோடுக்குள்ளேயே ஒளிந்திருப்பவை

கேம் மோட் உண்மையிலேயே ஓடுகிறது, ஆனாலும் எண் இறங்கவில்லை என்றால் அதற்குள் ஏதாவது ஃபிரேமைப் பிடித்து வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்சங்கில் Game Motion Plus என்று ஒன்று உண்டு. கேம் மோடுக்குள்ளேயே மோஷன் வழவழப்பை மறுபடி கொண்டுவரும் வசதி. 30 ஃபிரேம் கேம் கண்ணுக்கு இதமாகும் என்பதற்காகப் பலர் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். சாதாரண மோடின் மோஷனைவிட இது லேசானதுதான். ஆனால் நடு ஃபிரேம் செய்யும் எதற்கும் மேலே சொன்ன காத்திருப்பு உண்டு. மெதுவாக நடந்து கதை பார்க்கும் கேமில் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். சண்டைக் கேமிலோ கார் பந்தயத்திலோ அணைத்துவிடுவேன்.

எல்ஜியில் Game Optimizer பக்கத்தில் Prevent Input Delay என்ற தேர்வு இருக்கும், Standard, Boost என இரண்டு நிலைகளோடு. Boost, 60 ஹெர்ட்ஸ் சிக்னலில் சில மில்லி விநாடியைக் குறைக்கும். ஆனால் ஒரு சிக்கலைத் தீர்ப்பது அதன் வேலை இல்லை. 80 மில்லி விநாடி எங்கோ தொலைந்திருக்கும்போது இதில் நேரம் செலவிட வேண்டாம். ஃபிரேம்களுக்கு நடுவே திரையைக் கறுப்பாக்கி அசைவைக் கூர்மையாக்கும் வசதியும் சில டிவிகளில் உண்டு. அதுவும் கொஞ்சம் தாமதம் சேர்க்கும், வெளிச்சத்தையும் குறைக்கும்.

பிரைட்னஸ், வண்ணம், ஷார்ப்னஸ் ஆகியவற்றைக் கேம் மோடில் தாராளமாக உங்கள் கண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கேம் மோட் நீலமாக, வெளிறிப்போய்த் தெரிகிறது என்பதற்காகவே அதை விட்டுவிட்டுச் சினிமா மோடுக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. அதற்குத் தேவையே இல்லை. வண்ண வெப்பத்தை வார்ம் பக்கம் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு ஒரு மில்லி விநாடிகூடச் செலவாகாது.

பழைய டிவியில் கேம் மோடே இல்லையென்றால், அந்தப் போர்ட்டின் பெயரை அல்லது ஐகானை PC என்று மாற்றிப் பாருங்கள். சில டிவிகளில் இது பட வேலைகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிடும். அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

டிவியை விட்டு வெளியே

இனி மிச்சம் 38 ஃபிரேம், 158 மில்லி விநாடி. டிவி தன் பங்கைக் குறைத்தாயிற்று. இதில் பெரும்பங்கு கேமுடையது. நண்பர் விளையாடிய கேம் அழகான படத்துக்கான மோடில் விநாடிக்கு 30 ஃபிரேமில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஒரு ஃபிரேம் 33.3 மில்லி விநாடி. பட்டனைப் படிப்பது, உலகத்தை நகர்த்துவது, வரைவது, வெளியே அனுப்புவது என்று கேமுக்குள் மூன்று நான்கு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் பாதியானால் வரிசை முழுக்கப் பாதிக்கு அருகில் சுருங்கும். அதனால்தான் கேமுக்குள் விநாடிக்கு 60 ஃபிரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாறுவது கைக்கு இவ்வளவு பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. அவர் கேமில் மாற்றிய பிறகு 22 ஃபிரேம் வந்தது, 92 மில்லி விநாடி. முதலில் இருந்த 242-ஐ நினைத்துப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் 5-இல் Settings > Saved Data and Game/App Settings > Game Presets என்ற இடத்தில் பெர்ஃபார்மன்ஸைப் பொதுவான விருப்பமாக வைக்கலாம். கேம் அதை மதிக்குமா என்பது கேமைப் பொறுத்தது, எனவே கேமின் மெனுவிலும் ஒருமுறை பாருங்கள். டிவியும் கேமும் 120 ஹெர்ட்ஸுக்கு இடம் கொடுத்தால் ஃபிரேம் 8.3 மில்லி விநாடியாகும். அப்போது டிவியின் பங்கும் குறையும், கேமின் பங்கும் குறையும். 60 ஹெர்ட்ஸ் பேனல் உள்ள டிவியில் இதைத் தேட வேண்டாம்.

கண்ட்ரோலரைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கம்பியைச் செருகினாலே கம்பி வழியாகப் பேசும் என்று நினைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இன் கண்ட்ரோலர் கம்பி செருகினாலும் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொண்டு புளூடூத்திலேயே பேசலாம். Settings > Accessories > Controller (General) > Communication Method பக்கத்தில் Use USB Cable என்று மாற்ற வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்சில் Controllers and Sensors பக்கத்தில் Pro Controller Wired Communication என்பதைப் போட வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் கண்ட்ரோலரில் இதனால் கிடைக்கும் லாபம் சில மில்லி விநாடிதான், போன் கேமராவில் பிடிபடாமலும் போகலாம். ஆனால் அறையில் புளூடூத் நெரிசல் இருந்து, பத்துத் தட்டுகளில் ஏழு சாதாரணமாகவும் மூன்று மட்டும் மிக நீளமாகவும் வந்தால், கம்பியில் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். சீராக வரத் தொடங்கினால் காரணம் கண்ட்ரோலரின் இணைப்பு. டிவி ஒருபோதும் அப்படி மூன்றுக்கு மட்டும் தாமதிக்காது.

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளோடு வரும் பழைய கன்சோல்கள் வேறு கதை. அவற்றில் பல படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி அனுப்பும். இரண்டையும் கோத்து முழுப் படமாக்க டிவி சேமித்து வைக்கத்தான் வேண்டும். கேம் மோட் போட்டாலும் அந்தப் பகுதி போகாமல் இருக்கலாம். தாமதமில்லாமல் மாற்றித் தரும் தனிக் கருவியை நடுவில் வைப்பதுதான் வழி.

எல்லாம் சரியானதும் இப்போதைய சராசரியை, எந்தக் கேம், எந்த இடம், எந்தச் செயல் என்பதோடு குறித்து வையுங்கள். டிவியின் மென்பொருள் புதுப்பித்த பிறகு பிக்சர் மோடும் போர்ட் அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்புவது உண்டு. நண்பருக்கும் அடுத்த அப்டேட்டில் போர்ட் அமைப்பு கலைந்து, தானாக மாறும் வசதி போய்விட்டது. கை மறுபடி மந்தமானபோது அவர் யாரையும் கேட்கவில்லை. பத்து முறை தட்டி எண்ணினார். 22 இருந்த இடத்தில் 42 வந்தது. கேம் ஓடும்போதே ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறந்தார். எச்டிஆர் அடையாளத்துக்குப் பக்கத்தில் மறுபடி சினிமா.